அந்த நன்றிக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால்

மக்களே,

தம்பியைத் திட்டாதே. இங்கிலீஷ் திருத்தத்தான் நீ அவனுக்கு அனுப்பினாய், அவன் சாப்பாட்டுக்கு நடுவில் "ம்மா, இது சரியா இருக்கா பாரு" என்று போனை என் பக்கம் நீட்டிவிட்டான். சனிக்கிழமை நீ கோயம்புத்தூரில் வாக்-இன் இன்டர்வியூவுக்குப் போனதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. உன் அப்பாவும் கேட்கவில்லை, வழக்கம் போல டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார், உனக்குத் தெரியும் அது என்ன அர்த்தம் என்று.

நீ எழுதியதை நாலு தரம் படித்தேன். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது நீ எழுதியது மாதிரி இல்லை. நெட்டில் கிடைக்கிற கடிதத்தில் ஆஸ்பத்திரி பேரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறாய். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி, உங்கள் குழுவில் சேர ஆவலாக இருக்கிறேன்." யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் இதை. ரிட்டையர் ஆன பிறகு நாலு வருஷம் நானும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பேனலில் உட்கார்ந்தவள்தானே. வாக்-இன் நாளில் காலையில் அறுபது பேர் வருவார்கள், சாயங்காலம் மேசையில் ஃபைல் குவிந்து கிடக்கும், ஒவ்வொரு பயோடேட்டாவின் பின்பக்கம் பென்சிலால் எங்கள் கிறுக்கல் இருக்கும், "நன்றாகப் பேசினாள், கணக்கில் வீக்" என்று இப்படி ஏதாவது. முகம் ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஒரே பேரில் இரண்டு பெண்கள் வந்த நாளும் உண்டு, ஒருத்தியின் மார்க்கை மற்றவளுக்குப் போட இருந்தோம். அதனால் அந்தக் கடிதம் முதலில் செய்ய வேண்டிய வேலை நீ யார் என்று அவர்கள் உன் ஃபைலை எடுக்கும்படி செய்வதுதான். நன்றி அப்புறம்.

சப்ஜெக்ட் லைனிலேயே போடு: எந்தத் தேதி வாக்-இன், எந்த வேலைக்கு, உன் பேர், டோக்கன் நம்பர். உள்ளே கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் போன் நம்பரும். ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் நீ போடவே இல்லை. அந்த நம்பர் இல்லாமல் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஃபைலை ஹெச்.ஆர் மேலே நகர்த்த மாட்டார்கள், அவர்கள் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தால் அடுத்த ஃபைலை எடுத்துவிடுவார்கள். நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு நேரே அனுப்பாதே, அவர்கள் வார்டு ரவுண்டில் இருப்பார்கள், மெயிலைப் பார்ப்பதே அபூர்வம். ஹெச்.ஆருக்கு அனுப்பி, சூப்பரிண்டெண்ட் மேடத்துக்கும் காட்டும்படி ஒரு வரி போடு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேரட்டும், சனிக்கிழமை வாக்-இன் என்றால் திங்கள் மத்தியானம்தான் லிஸ்ட் போட உட்காருவார்கள், பல இடத்தில் அப்படித்தான். ராத்திரி வாட்ஸப்பில் மட்டும் அனுப்பிவிடாதே. ஒருத்தி எங்கள் ஹெச்.ஆர் பையனுக்குப் பத்தரை மணிக்கு குட் நைட் படத்தோடு நன்றி அனுப்பினாள், பாவம், அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் மறுநாள் எல்லோரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். சம்பளம் பேசாதே, வீட்டுக் கஷ்டம் எழுதாதே, ஸ்வீட் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போய் நிற்காதே. உன் பெரியம்மை சொல்வாள், அவள் பேச்சைக் கேட்காதே.

இங்கே மழை விடவில்லை. பின்பக்கத்துப் பலா... சரி, அது இருக்கட்டும்.

தம்பி இன்னொன்றும் சொன்னான். இன்சுலின் கேள்வியில் நீ தடுமாறிவிட்டதாக, பஸ் ஸ்டாண்டில் நின்று அழுததாக. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், எனக்குச் சோறு இறங்கவில்லை. கேள்வி இதுதானே: பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், கையில் இருப்பது 100 யூனிட் சிரிஞ்ச், டாக்டர் எழுதியது 20 யூனிட், எந்தக் கோடு வரை இழுப்பாய்? நீ இருபதாவது கோடு என்று சொல்லியிருக்கிறாய். அந்தச் சிரிஞ்சில் இருபதாவது கோடு என்றால் 0.2 மில்லி. நாற்பதால் பெருக்கினால் 8 யூனிட்தான் உள்ளே போகும். இருபது யூனிட் போக 0.5 மில்லி வேண்டும், அதாவது ஐம்பதாவது கோடு. ஆனால் மக்களே, பேனல் எதிர்பார்த்தது ஐம்பது என்ற பதில் இல்லை, பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன். அந்தச் சிரிஞ்சில் இழுக்கவே மாட்டேன், சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சை வரவழைத்து, போடுவதற்கு முன்னால் இன்னொரு சிஸ்டரிடம் காட்டுவேன் என்பதுதான் பதில். நடுராத்திரி, தூக்கக் கலக்கத்தில் கணக்குப் போட்டு இன்சுலின் இழுக்கிறவளை யாரும் வார்டில் விட மாட்டார்கள்.

இதைத்தான் நீ அந்தக் கடிதத்தில் எழுத வேண்டும். தப்பாகச் சொன்னதை நாமே எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று உனக்குத் தோன்றும். அவர்கள் பென்சிலால் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்து, "நான் சொன்ன பதிலில் நோயாளிக்கு 8 யூனிட்தான் போயிருக்கும், சரியான சிரிஞ்சைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்" என்று இரண்டு வரி எழுதுகிறவளை நான் என் பேனலில் மறுபடி யோசித்திருப்பேன். அதற்காக வேலை கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. எழுத்துத் தேர்வில் விழுந்தவளை எந்தக் கடிதமும் தூக்காது. ஓர் இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நிற்கும்போது மட்டும் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். ஆனாலும் எழுது. சாக்கு எழுதாதே, பதற்றம், பசி, பஸ் லேட், எதுவும் வேண்டாம்.

நான் தமிழில் சொல்கிறேன், இங்கிலீஷில் நீயே போடு. சனிக்கிழமை இத்தனையாவது டோக்கனில் வந்தவள், மெடிக்கல் ஐ.சி.யூ வேலைக்கு, ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இது, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அப்புறம் இன்சுலின் இரண்டு வரி. அப்புறம் அனுபவச் சான்றிதழ்.

அந்தக் கடைசி விஷயம்தான் நாலு தரம் படிக்க வைத்தது. ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் ஒரு வாரத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள் என்று தம்பி சொன்னான். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறு வரியில் மகிழ்ச்சி மூன்று இடத்தில் வருகிறது, சான்றிதழ் ஒரு இடத்தில்கூட வரவில்லை. ஹெச்.ஆர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். இன்னும் தரவில்லை என்றால் இன்ன தேதியில் எழுதிக் கேட்டிருக்கிறேன் என்று போடு, அதுவரை அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் சம்பளச் சீட்டும் தருகிறேன் என்று சொல். எழுதிக் கேட்கவே இல்லை என்றால் இன்றைக்கே மெயிலில் கேள், வாயால் கேட்டதற்குக் கணக்கு இல்லை. வேலையை விட்டு இத்தனை மாதம் ஆகிறது என்றும் மாதத்தோடு எழுது, மறைத்தால் சம்பளச் சீட்டுத் தேதியில் எப்படியும் தெரிந்துவிடும்.

எத்தனை மாதம் என்று எனக்கே தெரியாது. சித்திரையில் வந்தபோது லீவு என்றாய். ஓணத்துக்கு வந்தபோதும் லீவு என்றாய். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. காலேஜில் உன் பேட்சில் டிரிப் போடுவதில் உன் கையைத்தான் மிஸ் மற்றவர்களுக்குக் காட்டினார்கள், அதை இன்னமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். அப்படிப்பட்டவள் இன்சுலின் என்றதும் வாயடைத்துப் போனாள் என்றால் அது கணக்குத் தெரியாமல் இல்லை. அவ்வளவு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால்.

1994இல், எனக்கு கவர்மென்ட் வேலை கிடைப்பதற்கு முன்னால், ஒரு நர்சிங் ஹோமில் இருந்தேன் அல்லவா, நீ பிறக்கவில்லை. நைட் டியூட்டி. ஒரு தாத்தா, மகன் வளைகுடாவில், அவன் கொண்டுவந்த இன்சுலின் பாட்டில், ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம்மிடம் அப்போது எல்லாம் 40தான், லேபிளை யார் பார்த்தார்கள். 40 சிரிஞ்சில் பத்தாவது கோடு வரை இழுத்துப் போட்டேன். கால் மில்லி. பத்து யூனிட் போட வேண்டிய இடத்தில் இருபத்தைந்து. உன் கேள்வியில் மருந்து குறைந்துபோகிறது, எனக்கு மறுபக்கம், இரண்டரை மடங்கு. பதினொன்றரை மணிக்கு மனுஷன் வேர்த்து நனைந்து கிடக்கிறார், தட்டினால் கண் திறக்கவில்லை. 25 பர்சன்ட் டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றினோம், முழித்துக்கொண்டார், என்ன பிள்ளே என்று என்னைக் கேட்டார். ட்ரேயில் அந்தப் பாட்டிலும் சிவப்பு மூடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது, அப்போதுதான் பார்த்தேன். பாட்டிலை அவர் பைக்குள் வைத்துவிட்டு சிரிஞ்சைக் குப்பையில் போட்டேன். டாக்டரிடமும் சொல்லவில்லை. நோட்ஸில் "ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதினேன்.

சாப்பாடு கொடுத்தது ஒரு டிரெய்னிப் பெண். காலையில் வார்டு சிஸ்டர் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டார்கள். அவள் தட்டு காலியாகத்தான் வந்தது என்று அழுதுகொண்டே சொன்னாள். காலியாகத்தான் வந்தது, நானும் பார்த்தேன். கைமாற்றுப் புத்தகத்தில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

உன் அப்பாவுக்கும் தெரியாது. பேனலில் உட்கார்ந்து வருகிற பெண்களிடம் எல்லாம் "எப்போதாவது மருந்து தப்பாகக் கொடுத்திருக்கிறாயா" என்று கேட்பேன், இல்லை என்று சட்டென்று சொல்கிறவளுக்கு மார்க்கைக் குறைப்பேன். என்ன தைரியம் பார் எனக்கு. உன்னை யாராவது அங்கே அந்த டிரெய்னியைப் போல நிறுத்தினார்களா, இல்லை நீ என்னைப் போல... கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் சரி. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் ராத்திரி பத்துக்கு மேல் கூப்பிடு, அப்பா தூங்கியிருப்பார், நான் பின்வாசலில் உட்கார்ந்து பேசுவேன்.

மெயிலை ஒரு தரம்தான் அனுப்ப வேண்டும், பதில் வரவில்லை என்று மறுநாளே இன்னொன்று போடாதே. பழைய ஆஸ்பத்திரி நோயாளி யாரைப் பற்றியும் பேர் சொல்லி எழுதாதே. ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரை மறக்காதே, உன் பயோடேட்டாவில் கடைசி எண் 3 என்று இருக்கிறது, இங்கே பீரோவில் இருக்கும் ஜெராக்ஸில் 8 மாதிரித் தெரிகிறது, ஒரிஜினலைப் பார்த்துப் போடு.

அம்மா