பாப்பாவுக்கு, மாடி அறை ஏசி பற்றி

கும்பகோணம்

அன்புள்ள பாப்பா,

நீ வரைந்து அம்மாவின் போனுக்கு அனுப்பிய அறைப் படத்தைப் பார்த்தேன். நீளம், அகலம், உயரம், ஜன்னல் எந்தச் சுவரில், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஒன்றையும் விடவில்லை. நம் பட்டறைப் பையன்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, உனக்குத் தானாக வருகிறது. ஆனால் கடைக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டு, அவர் 2 டன் என்று சொன்ன பிறகுதான் இந்தப் படம் எனக்கு வந்திருக்கிறது, அதுவும் அம்மா வழியாக. சரி, அதை விடு.

2 டன் வேண்டாம். 1.5 டன் போதும். இன்வெர்ட்டர் மாடலாக, காப்பர் காயிலாகப் பார். ஏன் என்று எழுதுகிறேன். கடையில் நிற்கும்போது நீயே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் அறை 14 அடிக்கு 12 அடி, 168 சதுர அடி. உயரம் 10 அடி. சாதாரணமாக 120 சதுர அடி வரை 1 டன், 180 வரை 1.5 டன் என்பார்கள். அந்தக் கணக்குக்கு அறை தரைத்தளமா மேல்தளமா என்பது தெரியாது. டன் என்பது எடை இல்லை, ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து எவ்வளவு சூட்டை வெளியே எடுத்துப்போடும் என்ற அளவு. 1 டன் ஏறக்குறைய 3500 வாட்ஸ் சூட்டை எடுக்கும். உன் அறைக்குள் எவ்வளவு சூடு வருகிறது என்று பார்த்தால்தான் எத்தனை டன் என்று சொல்ல முடியும்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கணக்குப் போடுகிறேன், எல்லாம் உத்தேசம்தான். தலைக்கு மேல் வெயில் காய்ந்த கான்கிரீட் தளம் மட்டும் 1000 வாட்ஸ் இறக்கும். மேற்குச் சுவர் 300. அதில் உள்ள நாலுக்கு நாலு ஜன்னல், திரை போட்டிருந்தாலும் 450. மற்ற மூன்று சுவர்களும் சேர்த்து 300. கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் புகும் வெளிக்காற்றுக்கு 500 வைத்தேன், கடலோரக் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஃபேன், லைட், உன் லேப்டாப் 100. ஆளுக்கு 100 வாட்ஸ் வீதம் இரண்டு பேருக்கு 200. மொத்தம் 2850.

மதியம் பூராவும் பூட்டிக் கிடந்த அறையைக் குளிர வைக்க இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும். அப்போது 3400 தாண்டிவிடுகிறது. 1 டன் அதன் விளிம்பில் நின்று மூச்சுவாங்கும். ஸ்டிக்கரில் போடும் அளவு வெளியே 35 டிகிரி இருக்கும்போது எடுத்தது. உன் மொட்டை மாடியில் நண்பகலில் அதைவிடச் சூடு, அதனால் மெஷினின் உண்மையான பலம் இன்னும் குறையும். அதனால்தான் 1.5 டன். இதே அறை கீழ்வீட்டில் இருந்தால் தளத்தின் 1000 கழிந்து 1 டன்னே போதும். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொல், இல்லை சுண்ணாம்பாவது அடிக்கச் சொல். அந்த 1000 கண்கூடாகக் குறையும்.

ஆள் கணக்கை இரண்டு பேர் என்றே எழுதியிருக்கிறேன். உன் படத்தில் கட்டில் 3 அடிக்கு 6 அடி என்று இருக்கிறது. நாம் கொடுத்த கட்டில் 6 அடிக்கு ஆறரை. இன்டோர் யூனிட்டை எந்தச் சுவரில் மாட்டுவது என்று பார்க்கத்தான் கட்டிலை அளந்தேன், வேறொன்றும் இல்லை. ஒரு ஆள் கூடினாலும் குறைந்தாலும் 100 வாட்ஸ்தான் வித்தியாசம், அதனால் டன் மாறாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மாறும். மாப்பிள்ளைக்குச் சைனஸ், நேராகத் தலையில் படக்கூடாது. தலைமாட்டுச் சுவருக்கு எதிரே மாட்டாமல் பக்கவாட்டுச் சுவரில் மாட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை. எது என்று நீ சொன்னால் போதும். நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை, அம்மாவும் கேட்கமாட்டாள்.

2 டன் வாங்கினால் சீக்கிரம் குளிரும், கூட இருந்தால் நல்லதுதானே என்று கடையில் சொல்லியிருப்பார்கள். நாகப்பட்டினத்தில் அது நல்லதில்லை. ஏசிக்கு இரண்டு வேலை, சூட்டை எடுப்பது ஒன்று, ஈரத்தை எடுப்பது ஒன்று. காயில் சில்லென்று இருந்து, காற்று அதன் மேல் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால்தான் ஈரம் தண்ணீராகி டிரெயின் பைப்பில் இறங்கும். பெரிய மெஷின் கொஞ்ச நேரத்தில் அறையை 24-க்குக் கொண்டுவந்துவிட்டு நின்றுவிடும். கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள் ஃபேன் ஓடும், காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இதை நன்றாகப் பார்க்கலாம். குளிர் இருக்கும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும், பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையில் பூஞ்சை வாசம் வரும். எல்லாரும் டெம்பரேச்சரை இன்னும் குறைப்பார்கள், பில்தான் ஏறும்.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் இங்கேதான் உதவுகிறது. பழைய மாதிரி கம்ப்ரஸருக்கு முழு ஓட்டம் இல்லையென்றால் நிறுத்தம், இரண்டே நிலைதான். இன்வெர்ட்டர் அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த வேகத்துக்கு இறங்கி, நிற்காமல் ஓடும். உன் அறையில் ராத்திரி ஜன்னல் வெயில் இல்லாதபோது சூடு 2000 வாட்ஸ் பக்கம் வந்துவிடும். 1.5 டன் மெஷின் அப்போது பாதி பலத்துக்கும் கீழே மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், கரண்ட் மிச்சமாவது அந்த மெதுவான ஓட்டத்தில்தான். ஆனால் எந்த இன்வெர்ட்டருக்கும் அதற்குக் கீழே இறங்க முடியாத ஒரு வேகம் உண்டு. 2 டன் இன்வெர்ட்டருக்கு அந்தக் கீழெல்லையே மழைக்காலத்தில் உன் அறைக்கு அதிகமாகிவிடலாம். அப்போது அதுவும் பழைய மெஷின் மாதிரி நின்று நின்று ஓடும். அப்புறம் இன்வெர்ட்டருக்குக் கூடக் கொடுத்த பணத்துக்கு என்ன அர்த்தம்?

கடையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதே. ஸ்டிக்கரில் கூலிங் கெப்பாசிட்டி வாட்ஸில் போட்டிருப்பார்கள். 1.5 டன் என்ற பெயரிலேயே ஒன்று 4700 இருக்கும், இன்னொன்று 5200 இருக்கும். 5000-க்குப் பக்கத்தில் இருப்பதை எடு. அதிலேயே வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும், 1600 மணி நேர ஓட்டத்துக்கு. இரண்டு மாடலை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். நீ தினமும் ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டுவாய், அதனால் இன்வெர்ட்டர் கட்டுப்படி ஆகும். எப்போதாவது ஒரு மணி நேரம் போடுகிறவர்களுக்கு நான் இவ்வளவு வற்புறுத்தமாட்டேன்.

இப்போது காயில். கும்பகோணத்தில் இருக்கிறவர்களுக்கு நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. வெளிப்பாளையத்தில் மாடியில் நின்றால் உப்புக்காற்று முகத்தில் ஒட்டுகிறது, அங்கே ஏசியின் ஆயுளே அவுட்டோர் காயிலில்தான். "100 சதவீதம் காப்பர்" என்று விளம்பரத்தில் போடுவது குழாயை மட்டும். குழாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகள் அலுமினியம்தான். இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். தகட்டின் அடியில் முதலில் வெள்ளைப் பொடி தெரியும், அப்புறம் விரலால் தொட்டாலே உதிரும். தகடு போனால் சூடு வெளியேறாது, கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் அதிகக் கரண்ட் இழுக்கும், குளிர் மட்டும் குறையும். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து வருடாவருடம் அடைப்பார்கள், கோளாறு தகட்டில் இருக்கும்.

அப்படியென்றால் முழுக்க அலுமினியக் காயில் நல்லதில்லையா என்று கேட்பாய். இரண்டு உலோகம் ஒட்டியிருக்கும் பிரச்சினை அதில் குறைவு, உண்மைதான். ஆனால் குழாய் மெல்லியது. ஊசிமுனை ஓட்டை விழுந்தால் வீட்டிலேயே வைத்து ஒட்டுகிற ஆள் நம் பக்கத்தில் கிடைப்பது அரிது, காயிலையே மாற்ற வேண்டிவரும். காப்பரில் ஓட்டை என்றால் கேஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பற்றவைத்து மறுபடி கேஸ் ஏற்றிவிடலாம், நாகையில் எந்த மெக்கானிக்கும் செய்வார். அதனால் காப்பர் குழாய், பூச்சுப் போட்ட தகடு, இரண்டும் வேண்டும். தகடு நீலமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதே. கடலோர அரிப்புக்குக் காயிலின் மேல் வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேள், வாயால் சொல்வது வேண்டாம். மாதம் ஒரு முறை மெஷினை அணைத்து, மெயினையும் அணைத்து, அவுட்டோர் தகட்டில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊற்றாதே.

அவுட்டோரை வைக்க உன் மாடியில் படிக்கட்டு அறையின் வடக்குச் சுவர்தான் சரி. கிழக்கே வைத்தால் கடற்காற்று நேராக அடிக்கும், மேற்கே வைத்தால் சாயங்கால வெயில் முழுவதும் அதன் மேல் விழும். பின்பக்கம் ஒரு அடி, முன்பக்கம் தாராளமாக இடம் விடச் சொல். ஸ்டாண்டைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியாக வேண்டும். 2018-ல் கஜா வந்தது உனக்கு நினைவிருக்கும்.

பொருத்துகிற அன்று மூன்று விஷயங்களைக் கண்ணால் பார். பெட்டியோடு வரும் இணைப்புக் குழாய் பெரும்பாலும் 3 மீட்டர், உனக்கு அது பத்தாது. கூடப் போடும் குழாயை வெட்டும்போது முனையைப் பார், செம்பு நிறம் வெளியே மட்டும் இருந்து உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பி அனுப்பு. அடுத்தது வாக்கம் பம்ப், குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. சிலர் பம்ப் கொண்டுவராமல், மெஷினில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு, காற்று போய்விட்டது என்று முடித்துவிடுவார்கள். குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கினால் முதல் நாள் நன்றாகத்தான் குளிரும், கம்ப்ரஸர்தான் பின்னால் கெடும். பம்ப் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். நிறுத்திய பிறகு கேஜ் முள் ஏறாமல் நிற்க வேண்டும். ஏறினால் எங்கோ கசிகிறது, வால்வைத் திறக்க விடாதே. கேஸ் திறந்த பிறகு நான்கு நட்டுகளிலும் சோப்பு நுரை தடவச் சொல், குமிழ் வரக்கூடாது. ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது, நுரை காயும்வரை பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடாதே.

தனியாக நின்று இதையெல்லாம் பார்ப்பது உனக்குக் கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை, நீ என்னைவிடக் கறாராகப் பேசுவாய். இருந்தாலும் நான் வருகிறேன். மேட்டூர்த் தண்ணீர் அரசலாற்றுக்கு வந்துவிட்டது, மற்ற சேதியெல்லாம் அம்மா சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று மின்சாமான் கடை திறக்காது. வயரோ எம்.சி.பி.யோ குறைந்தால் நிற்க வேண்டிவரும். தனி லைன், 20 ஆம்பியர் எம்.சி.பி., எர்த் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் முன்னாலேயே கேட்டு வை. எந்த நாள் என்று மட்டும் சொல், முதல் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். பம்பையும் கேஜையும் நானே எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
அப்பா