முரளிக்கு, தொலைந்த லென்ஸ் பார்சல் விஷயமாக

அன்புள்ள முரளி,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. கார்கோ ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றும் பழைய ஆட்கள் சந்தேகம் கேட்டு போன் பண்ணுவது நிற்கவில்லை, அதனால் கை இன்னும் மறந்துவிடவில்லை.

சரி, நீ கூரியருக்கு எழுதி வைத்திருக்கும் புகாரைப் படித்தேன். கோபம் நியாயம்தான். ஆனால் பாதிக்கு மேல் அவர்கள் ஆட்கள் போனில் பேசிய விதத்தைப் பற்றியே இருக்கிறது, கிளெய்ம் பார்ப்பவர் அதைப் படிக்கப் போவதில்லை. அவருக்கு வேண்டியது பார்சல் கடைசியாக யார் கையில் இருந்தது, எவ்வளவு மதிப்பு, அதற்கு என்ன ஆதாரம், அவ்வளவுதான்.

நீ அனுப்பிய டிராக்கிங் பக்கத்தைப் பார். 3ஆம் தேதி பிக்கப், 4ஆம் தேதி பார்சல்களைப் பிரித்து அனுப்பும் ஹப்பில் எடை போட்டு 2.4 கிலோ, 5ஆம் தேதி Departed Facility, அதாவது அங்கிருந்து கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் In Transit என்று வருகிறதே, அதை நம்பாதே. அந்த வரிகளில் இடத்தின் பெயரே இல்லை, யாரும் பார்சலைக் கையில் எடுத்து ஸ்கேன் பண்ணியதாகத் தெரியவில்லை, கணினி தானாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. நிஜமான கடைசி ஸ்கேன் 5ஆம் தேதியுடையது. சின்ன பார்சல்களை ஒரு பையில் கட்டித்தான் ஏற்றுவார்கள், அப்புறம் பையைத்தான் ஸ்கேன் பண்ணுவார்கள். அதனால் "என் பார்சல் எங்கே" என்று கேட்காமல், அது எந்தப் பையில் போனது, அந்தப் பை எந்த ஹப்பில் எப்போது பிரிக்கப்பட்டது, பிரித்தபோது பட்டியலில் இருந்த எல்லாம் உள்ளே இருந்ததா என்று கேள். பை வந்து சேர்ந்து உன் பார்சல் மட்டும் இல்லையென்றால் தேட வேண்டிய இடம் ரொம்பக் குறுகிவிடும். டிராக்கிங் பக்கத்தை இன்றைக்கே படமெடுத்து வை, கொஞ்ச மாதத்தில் அழித்துவிடுவார்கள்.

இனிமேல்தான் கசப்பான பகுதி. உன் வே பில்லில், அதாவது பார்சல் கொடுத்தபோது போட்ட சரக்குச் சீட்டில், மதிப்புக்கு இரண்டு கட்டம் இருக்கிறது. கஸ்டம்ஸுக்கான கட்டத்தில் பில் தொகை முழுசாக இருக்கிறது, அது வரி போடுவதற்கு மட்டும். Declared Value for Carriage என்ற கட்டத்தில் NVD என்று அச்சாகியிருக்கிறது, அதாவது மதிப்பு அறிவிக்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் உன்னிடம் கேட்காமலேயே போட்டிருப்பார், அதுதான் வழக்கம். அந்தக் கட்டத்தில் தொகை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால்தான் அந்தத் தொகை வரை கேட்க முடியும். இல்லையென்றால் எடைக் கணக்குதான்.

விமானத்தில் நாடு விட்டு நாடு போகும் சரக்குக்கு, இரு நாடுகளும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இருந்தால், 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். என்பது உச்சவரம்பு. உனக்கு 2.4 பெருக்கல் 26, ஆக 62.4. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒரு அமெரிக்க டாலரை விடக் கொஞ்சம் அதிகம். லென்ஸ் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. "உங்கள் ஆளே திருடியிருப்பான்" என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு: சரக்கு விஷயத்தில் அந்த ஒப்பந்தப்படி திருட்டை நிரூபித்தாலும் வரம்பு உயராது, உன் கடிதம்தான் கெடும். தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருந்தாயா என்று மட்டும் ரசீதில் பார், அது வேறு வழி.

புகாரை இப்படி எழுது:

"கன்சைன்மென்ட் எண் இன்னது, அனுப்பிய தேதி 3, உங்கள் ஹப்பில் பதிவான எடை 2.4 கிலோ. 5ஆம் தேதிக்குப் பிறகு ஸ்கேன் இல்லை. சேர வேண்டிய தேதி கடந்து 7 நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோருகிறேன். உள்ளே இருந்தது ஒரு கேமரா லென்ஸ், பில் நகலும், கிடைக்கவில்லை என்று பெறுநர் எழுதிய கடிதமும் இணைத்துள்ளேன். எடை வரம்பின்படி வரும் தொகையையும் நான் கட்டிய கட்டணத்தையும் தர வேண்டும். கிளெய்ம் எண் கொடுங்கள். மறுத்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள்."

அந்த 7 நாள் கணக்கு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வழக்குப் போட 2 வருடம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதே. கம்பெனி விதிகளில் 30 நாள் மாதிரி குறுகிய கெடு இருக்கும், அதற்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது. இன்னொன்று, முதலில் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம் என்பார்கள், கூடவே ஒரு படிவம் வரும். அதில் முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று எங்காவது இருந்தால் கையெழுத்துப் போடாதே.

வே பில்லின் பின்பக்கத்தை இன்றே படமெடுத்து அனுப்பு, கெடு எத்தனை நாள் என்று பார்த்துச் சொல்கிறேன். பேத்தி போட்டோவையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
ரகு