பட்டறைப் பையனின் வரவேற்பில் பேசப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் நீ எழுதியனுப்பிய நாலு பக்கப் பேச்சும் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். கல்யாண வரவேற்பில் முதலாளி என்று உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், ஆறு நாள்தான் இருக்கிறது என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய அறுநூறு வார்த்தை. மண்டபத்தில் நிதானமாகப் பேசினால் நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு வார்த்தைதான் போகும். ஆக உன் பேச்சு ஏழு நிமிஷம். மேடையில் மணமக்கள் நின்றுகொண்டிருப்பார்கள், கீழே பரிசுப் பெட்டியோடு வரிசை காத்திருக்கும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

எதை வைப்பது, எதை வெட்டுவது என்று கேட்டிருந்தாய். உன் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள் என்று பார். உன் ஆட்களுக்குப் பையனைத் தெரியும், அவன் சொந்தக்காரர்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் பெண் வீட்டார். ஜாதகம் பார்த்திருப்பார்கள், நாலு பேரிடம் விசாரித்திருப்பார்கள். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் அவனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீதான். அவர்களுக்கு நீ சாட்சி சொல்கிறாய். இந்தக் கண்ணோடு படித்தால் உன் நாலு பக்கத்தில் மூன்று பக்கம் தானாக உதிர்ந்துவிடும்.

முதலில் போகவேண்டியது முதல் பக்கத்தில் நீ எழுதியிருக்கும் பெயர் வரிசை. பதினான்கு பேரை 'அவர்களே, அவர்களே' என்று விளிப்பதற்கே ஒரு நிமிஷம் ஓடிவிடும். அதில் ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் அந்த மனத்தாங்கலைப் பையன்தான் சுமக்க வேண்டும். 'பெரியோர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்' என்பதே போதும்.

அடுத்தது, 'அவசர ஆர்டர் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிவரை பட்டறையிலேயே இருப்பான்' என்ற வரி. நீ பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறாய். பெண்ணின் அம்மா காதில் அது 'மாப்பிள்ளை வீடு தங்க மாட்டார்' என்று விழும். முதலாளிகள் பேச்சில் அடிக்கடி வரும் தவறு இது. 'எனக்கு மகன் மாதிரி' என்பதையும் எடுத்துவிடு, அவன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். 'இவனைப் போல இன்னொருத்தன் எங்களிடம் இல்லை' என்றால் பந்தியில் சாப்பிடும் உன் மற்ற ஆட்களுக்குச் சோறு இறங்காது. சம்பள உயர்வு, கல்யாணத்துக்கு நீ கொடுத்த முன்பணம் இரண்டும் மேடைக்கு ஆகாது. கொடுப்பதை ஆபீஸில் கொடு.

'தம்பதியர்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். வரவேற்பு முந்தின நாள் சாயங்காலம். தாலி கட்டுவது மறுநாள் காலையில்தான். அதுவரை அவர்கள் மணமக்கள். 'கணவன் மனைவி' என்றால் பெரியவர்கள் முகம் சுருங்கும். பதினாறும் பெற்று வாழ்க என்று வாழ்த்தலாம், அது பதினாறு பேறுகளைச் சொல்வது. அதைப் பிள்ளைக் கணக்காக்கிச் சிரிக்க வைக்கப் பார்க்காதே.

பட்டறையில் 'வாடா, போடா' என்று கூப்பிடுவாய். மேடையில் 'தம்பி' என்று தொடங்கி 'அவர்' என்றே முடி. நடுவில் ஒரு 'அவன்' வந்தால் மரியாதை குறைந்தது போலக் கேட்கும்.

உன் பேச்சில் தங்கமான இடம் மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடக்கிறது, அந்த ஷாஃப்ட் விஷயம். அதை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தேன்:

"பெரியோர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம். தம்பி எங்கள் பட்டறையில் ஆறு வருஷமாக லேத் ஓட்டுகிறார். போன ஆடி மாசம் ஒரு நாள். நாற்பது பம்பு ஷாஃப்ட் பெட்டியில் அடுக்கியாச்சு. வண்டி வாசலில் நிற்குது. தம்பி என்னிடம் வந்தார். 'அண்ணா, வண்டியை நிறுத்துங்க. அளவு தப்பு. தப்பு என்னுது' என்றார். தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசம். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு பிள்ளையை வளர்த்த அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். மணமகள் நர்ஸ். மருந்தின் அளவைச் சரிபார்த்த பிறகே நோயாளிக்குக் கொடுப்பவர். அளவில் கவனம் உள்ள இரண்டு பேர் சேருகிறார்கள். நாளைக் காலை முகூர்த்தம். மணமக்கள் நீடூழி வாழ வாழ்த்துகிறேன்."

'தம்பி' என்ற முதல் இடத்திலும் 'மணமக்கள்' என்ற கடைசி இடத்திலும் இருவர் பெயரையும் சேர்த்துக்கொள். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். 'மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு' என்று நீ எழுதியிருந்ததைத் தலைமுடி ஆக்கியிருக்கிறேன். மைக்ரோமீட்டர் பிடிக்காத கைகளுக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது. இதைச் சொல்லலாமா என்று பையனிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. ஒப்புக்கொண்டது பெருமைதான் என்றாலும் தப்பு அவனுடையது. அவன் தயங்கினால் வேறு சம்பவம் எடு. அதுவும் ஒரே சம்பவமாக இருக்கட்டும். 'நேர்மையானவர், உழைப்பாளி, பொறுமைசாலி' என்று அடுக்கினால் ஒன்றும் மனசில் நிற்காது. அந்த வண்டி நிற்கும்.

வாக்கியங்களைத் துண்டு துண்டாக எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. மண்டபத்தில் வழவழப்பான கல் தரை, வெறும் சுவர், உயரக் கூரை. சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். நம் பேச்சில் வினை கடைசியில் வருகிறது. வாக்கியம் நீண்டால் வினை வருவதற்குள் முன்பாதி எதிரொலியில் கரைந்துவிடும். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் ஒரு மூச்சு விடு.

மெல்லிசைக் குழு இருக்கிறது என்றாய். பாட்டுக்காக அவர்கள் மைக்கில் எக்கோ ஏற்றியிருப்பார்கள். அதே மைக்கில் பேசினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழும். மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் முன்கூட்டியே போய், 'நான் பேசும்போது எக்கோவை முழுசா எடுத்துடுங்க' என்று சொல். மைக்கை வாயிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடி, வலைத் தலையைக் கையால் மூடாதே. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் கீச்சென்று கூவும். கூவினால் தட்டிப் பார்க்காமல் பெட்டிக்குப் பின்பக்கமாக இரண்டடி நகர்ந்துகொள்.

நேரத்தையும் பையன் வீட்டாரிடம் இன்றைக்கே பேசி வை. மணமக்கள் மேடை ஏறிப் போட்டோ எடுத்து முடித்ததும், வரிசை சேருமுன் பேசிவிடுவது நல்லது. பெண் வீட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்களா என்று மட்டும் பார்த்துக்கொள். அது தவறினால் இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு இடைவெளி கேள். எட்டு மணியைத் தாண்டவிட்டால் பாதிக் கூட்டம் பந்தியில் இருக்கும், நாற்காலிகளுக்குத்தான் பேசுவாய்.

பேசி முடித்ததும் மைக்கைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிடு. ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிய பரிசை உன் கையால் கொடுக்க வேண்டாம், பட்டறையில் மூத்தவர் கொடுக்கட்டும். உன் மொய்க் கவர் தனி.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள். பெண்ணின் பெயரை மட்டும் பத்திரிகையைப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதி வை, அவள் பெயரில் நாக்குத் தடுமாறக் கூடாது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் நண்பன்