நாலுக்கு ஒன்று என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள கண்ணுக்கு,

காய்ந்த மஞ்சளைக் கிலோ 125 ரூபாய்க்குப் பேசி முடித்தாயிற்று என்று மாப்பிள்ளைதான் சொன்னார். நீ சொல்லவில்லை. சரி, வேலை இருந்திருக்கும்.

நீ அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். டன்னுக்கு 25,000 ரூபாய் பச்சை மஞ்சள், வேகவைக்கவும் காயவைக்கவும் 3,000, பாலிஷ் 600. கூலியில் ஒன்றைக்கூட விடவில்லை, கெட்டிக்காரிதான். ஆனால் 28,600-ஐ 250 கிலோவால் வகுத்திருக்கிறாய். நாலுக்கு ஒன்று தேறும் என்று யார் சொன்னது? மண்ணும் வேரும் ஒட்டிய பச்சையை எடை போட்டு வாங்கினால் அஞ்சுக்கு ஒன்றே பெரிது. 21 சதவீதம் என்று வைத்தாலும் 210 கிலோதான் காயும். பாலிஷ் டிரம்மில் தோலும் வேர்த்தூளுமாக நூற்றுக்கு ஆறு போனால் மிஞ்சுவது 197. அப்போது கிலோவுக்கு அடக்கமே 145 ரூபாய். உன் தாளில் 114 என்று இருக்கிறது. 125-க்குக் கொடுத்தால் டன்னுக்கு 4,000 ரூபாய் கையை விட்டுப் போகும்.

எடை குறைவதற்கு வேவைக் குற்றம் சொல்லாதே. வேவில் பெரிதாக ஒன்றும் போகாது. காயும்போதுதான் தண்ணீர் போகிறது. வேவு சரியில்லாவிட்டால் தரம் போகும். விரலியையும் குண்டையும் ஒன்றாகப் போட்டால் விரலி குழைந்து நிறம் மங்கும், குண்டின் நடு வேகாது. தனித்தனியாகப் போடு. நுரை கட்டி வாசம் எழுந்ததும் ஒன்றை எடுத்து மழுங்கிய குச்சியால் குத்து; லேசாக அழுத்தியதும் இறங்க வேண்டும். விலையும் இரண்டுக்கும் வேறு, அடக்கத்தையும் பிரித்தே போடு.

அடுத்த முறை வாங்கிய பச்சையில் 10 கிலோவைக் கழுவும் முன்பே நிறுத்து எடு, பிறகு கழுவி வலைப்பையில் கட்டி மற்றதோடு சேர்த்தே வேகவை, சேர்த்தே காயவை. கடைசியில் பையை நிறு. 2.1 கிலோ இருந்தால் 21 சதவீதம். யார் வாயையும் பார்க்க வேண்டாம். பாலிஷுக்கு முன்னும் பின்னும் நிறு. பின் எடையால்தான் வகுக்க வேண்டும், திரும்பச் சொல்கிறேன், பின் எடையால்.

எடை குறைகிறதே என்று ஈரத்தோடு மூட்டை கட்டிவிடாதே. பத்து சதவீத ஈரத்தில் 210 கிலோ இருப்பது, பதினாலில் 220 நிற்கும். அந்தப் பத்துக் கிலோ தண்ணீர்தான் பிறகு பூஞ்சையாக வரும். ஒடித்தால் டக்கென்று கணீர் சத்தம் வர வேண்டும், வளையக் கூடாது.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாலிஷுக்கு முந்திய எடையால் வகுக்கக் கற்றுக் கொடுத்தவனே நான்தான். பல வருஷம் அப்படியே போட்டு, நஷ்டத்தை வெயில் மேல் போட்டேன். உன் தாளில் என் தப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

முன்பணம் கை நீட்டி வாங்கிவிட்டாயா? மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. வாங்கவில்லை என்றால் பாலிஷ் முடிந்த எடை தெரியும்வரை விலை சொல்லாதே. வாங்கியிருந்தால் எவ்வளவு என்று மட்டும் எழுது.

அப்பா