கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும் பிழை வரம்பு: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், இரவுப் பணியில் தலைப்பு வைக்கும் துணை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கருத்துக்கணிப்பு அட்டவணைகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. அந்த அட்டவணை உங்கள் மேசைக்கு வந்து செய்தியாக வெளியே போகும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பல தேர்தல்களாகக் கவனித்து வருகிறேன். நீங்கள் பிழை வரம்பைச் சொல்வதே இல்லை என்று குறை கூற மாட்டேன். கடைசிப் பத்தியில், 'இந்தக் கணிப்பில் 3 சதவீதம் வரை பிழை இருக்கலாம்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அந்த வரி உண்மையென்றால் மேலே இருக்கும் தலைப்பு நிற்காது. என் புகார் அதுதான்.

யாரையும் சுட்டாமல் பேசுவதற்காக ஒரு கற்பனைக் கணிப்பை எடுத்துக்கொள்கிறேன். 1,000 வாக்காளர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அ அணிக்கு 42 சதவீதம், ஆ அணிக்கு 39, மற்றவர்களுக்கு 8, இன்னும் முடிவெடுக்கவில்லை என்றவர்கள் 11. போன மாதக் கணிப்பில் அ அணிக்கு 39 இருந்தது. இதிலிருந்து வழக்கமாக எழுதப்படும் செய்தி இப்படி இருக்கும்: "அ அணி 3 சதவீத முன்னிலை. ஒரே மாதத்தில் செல்வாக்கு கிடுகிடு உயர்வு. இளம்பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் ஆதரவு. இன்றே தேர்தல் நடந்தால் அ அணி ஆட்சி அமைக்கும்." நான்கு வாக்கியங்கள். நான்கில் ஒன்றைக்கூட அந்த அட்டவணை தாங்காது.

முதலில் அந்த முன்னிலை. 1,000 பேர் கொண்ட மாதிரிக்குப் பிழை வரம்பு ஏறத்தாழ 3 புள்ளி. (1-ஐ, கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும், அதாவது 1/√n, கைபேசியிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.) இதே முறையில், இதே அளவில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், நூற்றில் சுமார் 95 தடவை உண்மையான அளவு கணிப்பு காட்டும் எண்ணுக்கு 3 புள்ளி மேலே கீழே என்ற எல்லைக்குள் இருக்கும் என்பதே அதன் பொருள். ஆனால் இந்த 3 புள்ளி, ஓர் அணியின் தனி எண்ணுக்கு உரியது. இரண்டு அணிகளுக்கு இடையேயான வித்தியாசத்துக்கு அல்ல. மாதிரியில் தற்செயலாக ஆ அணிக்காரர் ஒருவருக்குப் பதில் அ அணிக்காரர் ஒருவர் வந்துவிட்டால், ஒரு பக்கம் ஒன்று கூடும், மறுபக்கம் ஒன்று குறையும். இடைவெளி இரண்டு நகரும். அதனால் இருமுனைப் போட்டியில் முன்னிலைக்கான வரம்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். நம் கணிப்பில் அது 5.6 புள்ளி வருகிறது. ஆக, 3 புள்ளி முன்னிலை என்று நாம் சொல்வது, அ அணி 8 புள்ளிக்கும் மேல் முன்னால் இருப்பதற்கும் பொருந்தும், 2 புள்ளிக்கும் மேல் பின்தங்கியிருப்பதற்கும் பொருந்தும்.

உடனே சிலர் 'சமநிலை' என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. இரண்டு அணிகளும் சமம் என்று கணிப்பு சொல்லவில்லை. அ அணி சற்று முன்னால் இருப்பதற்கே வாய்ப்பு கூடுதல், ஆனால் உறுதியாகச் சொல்ல 1,000 பேர் போதாது. 'சற்று முன்னால் இருக்கக்கூடும்' என்று எழுத உங்களுக்குக் கை வராது என்பது எனக்குத் தெரியும். 'நெருக்கமான போட்டி' என்று எழுதலாமே.

அடுத்து அந்த உயர்வு. 39-லிருந்து 42. போன மாதக் கணிப்புக்கும் ஒரு பிழை வரம்பு உண்டு, இந்த மாதத்துக்கும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மாற்றத்துக்கான வரம்பு 4.3 புள்ளி. ஒரு வாக்காளர்கூட மனம் மாறாமலேயே இப்படி 3 புள்ளி ஏறி இறங்க முடியும். இன்னொரு பொறியும் இங்கே இருக்கிறது. சில நிறுவனங்கள் முடிவெடுக்காத 11 சதவீதத்தைக் கழித்துவிட்டு, மீதியை நூறாக்கித் தருவார்கள். அப்போது இதே 42, 47 ஆகிவிடும். போன மாதம் கழிக்காமலும் இந்த மாதம் கழித்தும் வந்த எண்களை ஒன்றாக வைத்தால், 39-லிருந்து 47-க்குப் பாய்ச்சல் என்று தலைப்பு கிடைக்கும். நல்ல தலைப்பு. நடக்காத பாய்ச்சல்.

மூன்றாவது வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சறுக்குவது இங்கேதான். இளம்பெண்களில் 51 சதவீதம் என்ற எண், அட்டவணையின் உள்ளே, வயது வாரியாகவும் பாலினம் வாரியாகவும் பிரித்த பக்கத்தில் இருக்கிறது. 1,000 பேரில் இந்தப் பிரிவில் வருபவர்கள் 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 46 பேர் அ அணி என்றிருக்கிறார்கள். 90 பேருக்கான பிழை வரம்பு 10 புள்ளி. ஆகவே உண்மை 41 ஆகவும் இருக்கலாம், 61 ஆகவும் இருக்கலாம். அந்த 46-ல் 8 பேர் வேறு பதில் சொல்லியிருந்தால், மொத்த வாக்காளர்களின் அதே 42 சதவீதம்தான் இளம்பெண்களிடமும் வந்திருக்கும். எட்டுப் பேரை நம்பி, 'இளம்பெண்கள் திரண்டனர்' என்று தலையங்கப் பக்கத்தில் மூன்று பத்தி அலசல் வந்துவிடுகிறது.

அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, மேலே இரண்டு வரிசையில் எண்ணிக்கை தந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று உண்மையில் பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை. மற்றது எடையிட்ட எண்ணிக்கை. இளம்பெண்கள் மாதிரியில் குறைவாகச் சிக்கினால், மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்குக்கு ஏற்ப அவர்களின் பதிலுக்குக் கூடுதல் எடை தருவார்கள். 90 பேர் 125 பேராகக் காட்டப்படுவார்கள். எடையிடுவது தவறல்ல, செய்தே ஆக வேண்டிய வேலை. ஆனால் எடையிட்டதால் புதிதாக யாரும் வந்து பதில் சொல்லிவிடவில்லை. வரம்பைக் கணக்கிட 90-ஐத்தான் எடுக்க வேண்டும். எடைகள் ஆளுக்கு ஆள் ரொம்ப வேறுபட்டால் அதைவிடவும் பெரிய வரம்பு தேவைப்படும். மொத்த மாதிரிக்கும் இதே கதைதான். கடுமையாக எடையிட்ட 1,000 பேர், துல்லியத்தில் 600 அல்லது 700 பேருக்குச் சமமாக இறங்கிவிடுவது உண்டு.

நான்காவது வாக்கியம் ஆட்சி. தொகுதி வாரியாக வெற்றி தீர்மானமாகும் முறையில், வாக்குச் சதவீதத்திலிருந்து இடங்களுக்குப் போக இன்னொரு கணக்கு வேண்டும். 200 தொகுதிகள் இருந்தால் 1,000 பேரில் தொகுதிக்கு ஐந்து பேர். அந்த ஐந்து பேரைக் கொண்டு எந்தத் தொகுதியையும் சொல்ல முடியாது. அதனால் முந்தைய தேர்தல் முடிவை எடுத்து, அதன்மேல் இப்போதைய வாக்கு மாற்றத்தை ஏற்றி ஊகிப்பார்கள். கூட்டணி மாறியிருந்தாலோ புதிய கட்சி வந்திருந்தாலோ அந்த ஊகம் ஆட்டம் காணும். பிழை வரம்பில் இது சேராது. இடங்களின் எண்ணிக்கையை வெளியிட்டே தீர வேண்டுமென்றால், அது கணிப்பில் மக்கள் சொன்ன பதில் அல்ல, நிறுவனம் போட்ட கணக்கு என்று அதே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது. பிழை வரம்பு என்பது தற்செயலால் வரும் பிழையை மட்டும் அளப்பது. தவறான ஆட்களிடம் கேட்டால் வரும் பிழையை அது அளக்காது. 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அந்த இதழ் அடித்துச் சொன்னது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கி வென்றார். நம் சூத்திரப்படி அந்த இதழின் பிழை வரம்பு ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட வராது! தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் ஆகியவற்றிலிருந்து முகவரிகளை எடுத்ததால், வசதியானவர்களின் பெயர்கள் அதில் கூடுதலாக இருந்தன. சீட்டு வந்ததும் மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்களோ, அனுப்பாதவர்களைப் போன்றவர்கள் அல்லர். வலைத்தளத்தில் பொத்தானை அழுத்தி வாக்களிக்கச் சொல்லும் 'கணிப்பு'களுக்கும் இதே நோய்தான். லட்சம் பேர் அழுத்தினாலும் அவற்றுக்குப் பிழை வரம்பு என்று ஒன்று கிடையாது. போடாதீர்கள்.

முறையாக எடுத்த கணிப்புகளும் இதற்கு முழு விலக்கல்ல. அமெரிக்கத் தேர்தல்களின் கடைசி மூன்று வாரக் கணிப்புகள் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவற்றை உண்மையான முடிவுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. அவற்றின் பிழை, அச்சிட்ட வரம்பை வைத்து எதிர்பார்ப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. ஆகவே 3 புள்ளி என்பதை, 'குறைந்தது 3 புள்ளி' என்று படிப்பது நல்லது.

சரி, எப்படித்தான் எழுதுவது என்று கேட்பீர்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

"அ அணி – ஆ அணி இடையே நெருக்கமான போட்டி, ஒன்பதில் ஒருவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

1,000 வாக்காளர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில் 42 சதவீதத்தினர் அ அணிக்கும் 39 சதவீதத்தினர் ஆ அணிக்கும் வாக்களிக்கப்போவதாகக் கூறியுள்ளனர். 11 சதவீதத்தினர் முடிவெடுக்கவில்லை. இந்த அளவு மாதிரியில் 3 புள்ளி இடைவெளியை வைத்து யார் முன்னிலையில் உள்ளனர் என்று உறுதியாகக் கூற முடியாது. போன மாதத்தைவிட அ அணியின் எண் 3 புள்ளி கூடியிருந்தாலும், அது உண்மையான மாற்றமா என்பது அடுத்த கணிப்புகளில்தான் தெரியும். தொலைபேசி வழியாக நேர்காணல்கள் நடந்தன. கூட்டணி அறிவிப்பு வெளியாகும் முன்பே அவை முடிந்துவிட்டன."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். கணிப்பு வெளியான தேதி வாசகருக்குத் தேவையில்லை. கேள்வி கேட்ட தேதிகள்தான் தேவை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய அறிவிப்பு வந்து, புதன்கிழமை கணிப்பு வெளியானால், 'அறிவிப்புக்குப் பின் மக்கள் மனநிலை' என்று எழுதத் தோன்றும். நேர்காணல்கள் வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கும்.

இப்படி எழுத உங்களுக்கு நிறுவனத்திடமிருந்து சில விவரங்கள் வேண்டும்: யார் பணம் கொடுத்தார்கள், என்னென்ன தேதிகளில் எப்படித் தொடர்புகொண்டார்கள், கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எப்படிக் கேட்டார்கள், எடையிடும் முன் எத்தனை பேர். பெட்டிச் செய்திக்குள் அடங்கும் விவரம்தான். தர மறுக்கும் நிறுவனத்தின் கணிப்பை வெளியிடாமல் விடுங்கள். போட்டிப் பத்திரிகை போட்டுவிடுமே என்றால், போடட்டும்.

முடிவுகள் வந்த மறுநாளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆ அணி ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றால், 'கணிப்பு பொய்த்தது' என்று எழுதுவீர்கள். அதற்கு முன் பழைய அட்டவணையை எடுத்து, வென்றது யார் என்பதை விட்டுவிட்டு, ஒவ்வோர் அணியும் வாங்கிய வாக்குச் சதவீதத்தை அதன் வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்காகவாவது, செய்தியோடு அந்த அட்டவணையையும் உங்கள் காப்பகத்தில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவன்