நாலு பத்துக்குப் போடுகிற செய்தி

அன்பு மகனுக்கு,

கொக்கட்டிச்சோலை மாமாவின் மருமகன் லீவு முடிந்து புதன்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அம்மா பொரிவிளாங்காயும் கருவாடும் கட்டித் தந்திருக்கிறா. அதற்குள்தான் இந்தக் கடிதம் இருக்கும். போனில் எழுதினால் தங்கச்சி பார்ப்பாள், பிறகு அம்மாவுக்குப் போய்விடும்.

இங்கே எல்லாரும் சுகம். வாடைக்காற்று அடங்கியதால் வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் போட்டுகள் வரிசையில் நிற்கின்றன. எங்கள் ஐஸ் பெக்டரியில் ஐஸ் கொடுத்து முடியவில்லை.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இரவு கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம் வரவில்லை. ஜெனரேட்டர் லைட்டுக்கும் மோட்டருக்கும்தான் காணும், கொம்பிரசரை இழுக்காது. ஐஸ் தகரங்கள் மூழ்கி நிற்கும் உப்புத்தண்ணி மைனஸ் 10-இல் இருந்து மெல்ல மெல்ல மைனஸ் 6-க்கு ஏறிவிட்டது. நாலு மணிக்கு மூடியைத் திறந்து கட்டியைப் பார்த்தேன். ஓரமெல்லாம் கல் மாதிரித்தான் இருந்தது. நடுவில் விரல் விட்டால் தண்ணி.

50 கிலோக் கட்டி எப்படி உறையும் என்று உனக்குத் தெரியும்தானே. தகரத்தை ஒட்டிய பக்கம் கெதியாக உறைந்துவிடும். அந்த ஐஸே பிறகு குளிரை உள்ளே விடாது. அதனால் நடுவில் கடைசியாக மிஞ்சும் கொஞ்சத் தண்ணிக்குத்தான் நேரம் அதிகம் போகும். போட்டுக்காரர் வாசலில் நின்று, இறக்குங்கள் அண்ணை, வெளியே கட்டியாகத்தானே இருக்கிறது என்றார். நான் மாட்டேன் என்றேன். நடு உறையாத கட்டியை அரைத்து அடுக்கினால் அரைவாசியும் முதல் கிழமையே தண்ணியாகிவிடும். அவர் மூன்று கிழமை கடலில் நிற்கப் போகிறார். பிடித்த சூரை கரைக்கு வரும்போது வயிறு வெடித்திருக்கும். கத்தினார். கத்தட்டும் என்று ஆறு மணிக்குப் பிறகுதான் செயினில் தூக்கினேன்.

அன்றைக்கும் வழக்கம்போல நாலு பத்துக்குச் செய்தி போட்டேன். "சுகம். உப்புத்தண்ணி மைனஸ் 6. இன்னும் இறக்கவில்லை." அமோனியா கசிந்த அந்த இரவுக்குப் பிறகு அம்மா கேட்டதால் தொடங்கிய பழக்கம் இது. கந்தகத் திரியைக் கொளுத்தி குழாய் மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டு போவேன். எங்கேயும் வெள்ளைப் புகை எழாவிட்டால் கசிவு இல்லை, அப்புறம்தான் சுகம் என்று எழுதுவேன். அம்மா அதை ஐந்தரைக்கு எழும்பித்தான் பார்ப்பா.

ஆனால் நீ உடனே பார்த்துவிடுகிறாய். அன்றைக்கு, "நடுவைத் தொட்டுப் பார்த்தீங்களாப்பா?" என்று கேட்டாயே, ஓ.எல். படிக்கும்போது புத்தகத்தைக் கொண்டுவந்து கொம்பிரசருக்குப் பக்கத்தில் சாக்கில் படுத்துக் கிடந்த பிள்ளை இன்னும் மறக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. முதலாளியிடமும் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் நேரத்தை யோசித்தேன். இங்கே நாலு பத்து என்றால் அங்கே இரவு ஒன்று நாற்பது. உனக்கு நாலு மணிக்கு பஸ். செய்தியை அமத்திப் பிடித்தால் யார் எப்போது வாசித்தார்கள் என்று காட்டும், தங்கச்சிதான் பழக்கினாள். பழையதெல்லாம் பார்த்தேன். முந்தின நாளும் ஒன்று நாற்பத்தொன்று, அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை லீவு நாளிலும்.

எனக்குத் துணையாக ஒருவர் அங்கே முழித்திருக்கிறார் என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். அனுப்பிவிட்டு உன் பெயர் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகுதான் தேத்தண்ணி ஊற்றுவேன்.

நித்திரை கொள், மகன். வெயிலில் சாரத்தில் ஏறி நிற்கிற வேலை. நித்திரை இல்லாமல் ஏறினால் தலை சுற்றும். தண்ணி குடி. ராவைக்குக் கோப்பி குடிக்காதே. நான் போடுவதைக் காலையில் பஸ்ஸில் ஏறிப் பார்த்தாலும் காணும், நித்திரை கொள்.

சம்பளம் பிந்துகிறதா? ஏஜென்சிக் காசுக்காக என்றால் யோசிக்காதே. அக்காவின் வளவுக்கு இன்னும் விலை பேசவில்லை, அவசரமும் இல்லை. அறையில் ஆரோடும் பிரச்சினையா? அம்மாவிடம் "சுகம், சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகத்தைக் கிட்டக் காட்டச் சொன்னால் கரண்ட் போய்விட்டது என்கிறாய். கட்டாரில் எந்த நாளும் கரண்ட் போகுமா?

இதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நான் நாலு பத்துக்குப் போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீ பயந்துவிடுவாய். முழித்திருந்தால் வாசித்துவிட்டுச் சும்மா இருக்காதே, கோல் எடு. உள்ளே கொம்பிரசர் சத்தத்தில் கேட்காது, மணி அடித்தவுடன் வெளியே வந்துவிடுவேன். தராசுப் பக்கம் சிக்னல் நல்லது. அந்த நேரம் நான் தனியாகத்தான் நிற்பேன்.

கருவாட்டை நன்றாகக் கழுவிச் சமை, உப்புக் கூட.

அப்பா