"தோலை உரியுங்க சார்" என்று சொல்லும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். குடிநீர்க் குழாயும் சரியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

பொங்கல் முடிந்த வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கடற்கரையில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள், ஒரு பாட்டி காயப்போட்டிருந்த நெத்திலியை மிதித்துவிட்டு ஓடிவிட்டார்கள். மணலோடு நசுங்கிய மீனை முந்தானையில் அள்ளிக்கொண்டு அந்த அம்மா என் அறை வாசலில் நின்றார். அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள், பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து, தனித்தனியாகக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மூன்றாம் வகுப்புப் பையன், "சொன்னா அடி விழும்" என்றான். ஐந்தாம் வகுப்புப் பையன், "நான் அவனைக் காட்டிக் கொடுத்தா நாளைக்கு அவன் என்னைக் காட்டிக் கொடுப்பான்" என்றான். ஏழாம் வகுப்பில் ஒருவனுக்குக் கூட்டாளிகள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை.

எல்லோரும் செய்தது ஒன்றுதான், சொன்ன காரணம்தான் வேறு வேறு. லாரன்ஸ் கோல்பர்க் என்ற உளவியலாளர் 1958-இல் சிகாகோ பகுதியில் 10, 13, 16 வயதுப் பையன்கள் 72 பேரிடம் கேட்டறிந்ததும் இதைத்தான். உயிருக்குப் போராடும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்று கேட்டார். திருடலாம், கூடாது என்ற பதிலை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதைத்தான் கவனித்தார். அந்தக் காரணம் படிப்படியாக வளர்கிறது என்றார். முதலில் தண்டனைப் பயம், அடுத்து கொடுக்கல் வாங்கல், அப்புறம் நல்ல பெயர், அதன்பின் சட்டம். மனசாட்சி கடைசிப் படியில்தான் வருகிறது. பெரியவர்களிலேயே பலர் அதற்கு முன்பே நின்றுவிடுகிறோம். நியாயம் பேசத் தெரிந்த பிள்ளை அப்படியே நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "யார் பார்த்தா என்ன சார், பாட்டி உழைப்பு வீணாப் போச்சுல்ல" என்று அவளாகவே வந்து சொன்னாள். அதை மனசாட்சி என்ற அந்தக் கடைசிப் படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த வயதில் அது அரிது. ஆனாலும் பயத்தைத் தாண்டிய பேச்சு அது.

அதே வாரம் பெற்றோர் சிலர் வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரியுங்க சார்" என்றீர்கள். ஒருவர், "எவ்வளவு நஷ்டமோ நான் தர்றேன், பிள்ளையை விடுங்க" என்றார். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அடித்தால் அடுத்த முறை மாட்டாமல் ஓடத்தான் கற்றுக்கொள்வார்கள். பணத்தை நீங்கள் கட்டினால் அதுவும் இல்லை. இந்தப் பள்ளியில் யாரையும் அடிக்க மாட்டோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அதைத் தடுக்கிறது. இனி அப்படிக் கேட்டு வர வேண்டாம்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். பிள்ளைக்குத் தான் நிற்கும் படிக்கு அடுத்த படிதான் எட்டும். அடிக்குப் பயப்படும் சின்னவனிடம் பெரிய நியாயம் பேசாமல், "உன் கிரிக்கெட் பேட்டை ஒருத்தன் உடைச்சிட்டு ஓடினா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். கூட்டாளிகளுக்குப் பயப்படுகிறவனிடம், "ஆளாளுக்கு இப்படி ஓடினா, ஊர்ல யார் நம்பிக் கருவாடு காயப்போடுவாங்க?" என்று கேளுங்கள். பதிலை அவனே தேடட்டும்.

சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் பாட்டியோடு உட்கார்ந்து மீன் காயப்போட்டுக் கொடுத்தார்கள். கடலுக்குப் போய்வந்த அலுப்போடும் கூடவே வந்து நின்ற அப்பாக்களுக்கும், சம்மதித்த அம்மாக்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்